முக்கூடல் தம்பதிக்குக் குடும்பநல ஆலோசனை: சமுதாய நலச் செவிலியத் தேர்வுக்கு ஒரு மாதிரி விடை

வினா: முக்கூடல் அருகே ஒரு கிராமம். இசக்கியம்மாளுக்கு வயது 24, வீட்டில் பீடி சுற்றுகிறார். கணவர் சுடலைமுத்துவுக்கு வயது 29, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். பெண் குழந்தைக்கு 7 மாதம். தாய்ப்பாலோடு கூழும் கொடுக்கிறார்கள். மாதவிடாய் திரும்பிவிட்டது, இன்று நான்காம் நாள். ரத்த அழுத்தம் 110/70, ஹீமோகுளோபின் 9.2 கிராம். முதல் குழந்தைக்கு மூன்று வயதாகும்போது அடுத்தது பிறக்கட்டும் என்கிறார்கள். இந்தத் தம்பதிக்குக் கருத்தடை முறைகளையும் பக்கவிளைவுகளையும் விளக்கி, தேர்வு செய்ய உதவும் ஆலோசனையை எழுதுக. (15 மதிப்பெண்)

விடை:

1952இல் தேசியக் குடும்பநலத் திட்டம் தொடங்கியது என்று முதல் அரைப்பக்கத்தை வரலாற்றால் நிரப்பும் வழக்கம் மாணவிகளிடம் உண்டு. வினா அதைக் கேட்கவில்லை. கேட்பது இந்த இருவரைப் பற்றி. ஆகவே வினாவில் கொடுத்த விவரங்களிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் தாய்ப்பால் முறை. மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான் அது பாதுகாப்பு. மூன்று நிபந்தனைகளும் இங்கே போய்விட்டன. "பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது கரு தங்காது" என்ற நம்பிக்கையில்தான் நம் பகுதியில் பல இரண்டாவது கர்ப்பங்கள் வருகின்றன. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, இன்று மாதவிடாயின் நான்காம் நாள் என்பதால் கர்ப்பம் இல்லை என்று நியாயமாக உறுதிகொள்ளலாம். மூன்றாவது, 9.2 என்பது ரத்தசோகை. உதிரப்போக்கைக் கூட்டும் முறையா, குறைக்கும் முறையா என்பது இவருக்கு முக்கியம். நான்காவது, கணவர் வெளியூரில் இருக்கிறார். இந்த ஒரு வரியைப் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். மாத்திரை தவறுவதற்கு இங்கே இதுதான் பெரிய காரணம்.

ஆலோசனையின் ஆறு படிகளைக் கேதர் முறை என்று படித்திருப்பீர்கள்: வரவேற்றல், கேட்டல், சொல்லுதல், தேர்வுக்கு உதவுதல், விளக்குதல், மறுவருகை. படிகளின் பெயரை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். அந்தப் படிகளில் என்ன பேசினோம் என்பதையும் எழுத வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போனபோது மாமியாரும் திண்ணையில் இருந்தார். அவரை விலக்கிவிட்டுப் பேசினால் அன்று மாலையே அந்த முறை நின்றுபோகும். அவர் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் கேட்டால் மருமகள் வாய் திறக்கமாட்டார். அதனால் முதலில் மூவரிடமும் பேசி, பிறகு தம்பதியை மட்டும் உள்ளறையில் உட்காரவைத்தார்.

"பெரியம்மா, உங்களுக்கு ஏதாவது பயம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

"காப்பர்-டி வைத்தால் அது நெஞ்சுக்கு ஏறிவிடுமாமே? மேலத்தெருவில் சொன்னார்கள்."

"கருப்பை கழுத்து சுருங்கிய சுருக்குப்பை மாதிரி, பெரியம்மா. உள்ளே வைத்தது அதற்குள்ளேதான் இருக்கும். வைக்கும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் வைக்கிறோம். நெஞ்சுக்குப் போக வழியே இல்லை."

அபாயமே இல்லை என்று அடித்துச் சொல்லாததைக் கவனியுங்கள். அரிதான சிக்கலை மறைத்தால், அது ஒரு வீட்டில் நடந்தாலும் ஊரே நம்பிக்கை இழக்கும்.

உள்ளறையில் கேட்டல் தொடர்ந்தது. மஞ்சள்காமாலை, மார்பில் கட்டி, ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தக்கட்டு, காரணம் தெரியாத உதிரப்போக்கு, வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலி ஆகியவை உண்டா என்று விசாரித்தார், எதுவும் இல்லை. பீடி சுற்றுவது புகைப்பதாகாது. இருந்தாலும் புகையிலை போடும் பழக்கம் உண்டா என்றும் கேட்டுக்கொண்டார். இதுவரை என்ன செய்தீர்கள் என்றதும் இசக்கியம்மாள் தயங்கிச் சொன்னார்: "கடையில் மாத்திரை வாங்கினேன் அக்கா. இவர்கள் ஊருக்கு வரும்போது போடுவேன், போனதும் விட்டுவிடுவேன்."

"அப்படிப் போட்டால் பலன் கிடையாது, இசக்கியம்மா. மாலா-என் தினமும் ஒன்று, கணவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டும். முதல் 21 ஹார்மோன் மாத்திரை, அடுத்த 7 இரும்புச்சத்து மாத்திரை. முடிந்த மறுநாளே புதிய அட்டை. ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் மறந்தால் ஒன்றைப் போட்டுத் தொடருங்கள், ஏழு நாளுக்கு நிரோத்தும் வேண்டும்."

மாலா-என் பற்றித் தேர்வில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம்: பாலூட்டும் தாய்க்குக் குழந்தை ஆறு மாதம் நிறையும்வரை தருவதில்லை, இவருக்கு அந்தத் தடை நீங்கிவிட்டது. குமட்டல், லேசான தலைவலி, இடைப்பட்ட உதிரத் துளிகள் ஆகியவை முதல் சில மாதங்களில் வந்து அடங்கும். கடுமையான வயிற்றுவலி, நெஞ்சுவலி, தலைவலி, பார்வை மங்கல், கெண்டைக்கால் வலி ஆகிய ஐந்தும் உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அபாய அறிகுறிகள்.

சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அதன்பின் வாரம் ஒன்று. பாலூட்டுவோருக்கு ஏற்றது. மாதவிடாய் தள்ளிப்போகலாம், அளவு குறையலாம். அதைக் கர்ப்பம் என்று பயப்படுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் தருவதில்லை.

காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டும், 375 ஐந்து ஆண்டும் வேலை செய்யும். எடுத்தவுடன் கருத்தரிக்கும் திறன் திரும்பும், பாலைப் பாதிக்காது. ஆனால் முதல் மூன்று மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுப்பிடிப்பும் கூடும். ரத்தசோகை இருப்பதால் இவருக்குக் கூடவே கூடாது என்று எழுதிவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையோடும் கண்காணிப்போடும் வைக்கலாம். முடிவு அவருடையது.

அந்தரா ஊசி 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தசையில் ஆழமாகப் போடுவது. போட்ட இடத்தைத் தேய்க்கவோ வெந்நீர் ஒற்றடம் கொடுக்கவோ கூடாது. தொடக்கத்தில் மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகும். ஓராண்டில் ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு நின்றே போகும். எடை சற்றுக் கூடலாம். எலும்பின் தாதுச் செறிவு சிறிது குறையும். ஊசியை நிறுத்தியபின் பெரும்பாலும் மீளும்.

இதைக் கேட்டதும் இசக்கியம்மாள் குறுக்கிட்டார். "மாதவிடாய் நின்றால் அழுக்கு ரத்தம் உடம்பிலேயே தங்கிவிடாதா அக்கா?"

"தங்குவதற்கு அங்கே ரத்தமே சேர்வதில்லை. மாதாமாதம் கருப்பையின் உள்சுவர் தடித்து உதிர்வதுதான் மாதவிடாய். ஊசி அந்தத் தடிப்பைக் குறைத்துவிடுகிறது. உங்கள் உடம்பில் ரத்தம் குறைவாக இருப்பதால் இது ஒருவகையில் உங்களுக்கு நல்லதுதான்."

சுடலைமுத்து அதுவரை பேசவில்லை. "ஆம்பளைக்கு ஒன்றும் இல்லையா?" என்றார். செவிலியர் மகிழ்ந்திருப்பார், கணவர்கள் இப்படிக் கேட்பது அரிது. நிரோத் ஒன்றுதான் கருத்தரிப்பையும் பால்வினை நோயையும் ஒருசேரத் தடுக்கும் என்று சொல்லி, எப்படிப் போடுவது என்று மாதிரியில் காட்டினார். தழும்பில்லா ஆண் கருத்தடை சிகிச்சை குழந்தை போதும் என்று முடிவெடுத்தபின் யோசிக்க வேண்டியது. இரண்டு நாளில் லேசான வேலைக்குப் போகலாம், ஆண்மைக்குக் குறைவில்லை. ஆனால் விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியாகும்வரை மூன்று மாதம் நிரோத் வேண்டும். பெண் கருத்தடை அறுவைக்கும் அதே காரணத்தால் இப்போது இடமில்லை. பிறகு வெட்டி இணைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் நிரந்தர முறைக்கு யாரையும் அனுப்பக்கூடாது.

அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், நிரோத் கிழிந்தது போன்ற வேளைகளில் மட்டும் போடலாம். வழக்கமான முறையாகாது.

தேர்வு செய்தவர் இசக்கியம்மாள்: "தினமும் நினைவு வைக்க என்னால் முடியாது. தட்டில் பீடி இலை இருக்கும்போது சாப்பாடே மறந்துபோகிறது. ஊசியே போட்டுக்கொள்கிறேன்." கணவரும் தலையசைத்தார். கணவரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை; ஆனாலும் அவர் பக்கத்தில் இருந்தால் பக்கவிளைவு வரும் நாளில் மனைவி தனியாகத் திண்டாடமாட்டார்.

அப்போது செவிலியர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கத் தாமதமாகும். கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். குழந்தைக்கு மூன்று வயதில் அடுத்தது பிறக்க வேண்டுமானால் இரண்டேகால் வயதில் கருத்தரிக்க வேண்டும். இப்போது 7 மாதம். 7, 10, 13, 16, 19 என ஐந்து ஊசியோடு நிறுத்தினால் சரியாக வரும். தேர்வுத்தாளில் இதை எழுதும் மாணவி அரிது. எழுதினால், பக்கவிளைவைத் தம்பதியின் திட்டத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார் என்று திருத்துபவருக்குப் புரியும்.

மாதவிடாய் தொடங்கி ஏழு நாளுக்குள் போடுவதால் வேறு துணை முறை தேவையில்லை. முதல் ஊசிக்கு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பதால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துப் போனார். ஜனவரி 12 அன்று போட்டதால் அடுத்தது ஏப்ரல் 12. இரண்டு வாரம் முன்னால், மார்ச் 29 முதல் போடலாம். நான்கு வாரம் தாண்டி, மே 10 வரையும் போடலாம். அதற்கும் தாமதமானால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஊசி. அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, பார்வை மங்கலோடு கடுமையான தலைவலி, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் ஊசிக்குப் பக்கத்திலேயே பேச்சில் வந்தன.

ஒரு முறையை நூறு தம்பதிகள் ஓராண்டு பயன்படுத்தினால் எத்தனை பேர் தவறிக் கருத்தரிப்பார்கள் என்று காட்டும் பேர்ல் குறியீட்டைக் கேட்டால்:

குறியீடு = (தவறிக் கருத்தரித்தவை × 1200) ÷ (தம்பதிகள் × மாதங்கள்)

200 தம்பதிகள் 12 மாதம் ஒரு முறையைப் பயன்படுத்தி 4 பேர் கருத்தரித்தால் 4800 ÷ 2400 = 2. இது கணக்குக்கான எடுத்துக்காட்டு மட்டுமே.

பதிவு: தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் பெயர், முறை, ஊசி போட்ட தேதி, ஹீமோகுளோபின் அளவு. அந்தரா அட்டை தாயின் கையில். சுடலைமுத்துவின் கைபேசியில் ஏப்ரல் 12க்கு நினைவூட்டல். முதல் மாதக் கடைசியில் வீட்டுக்குச் சென்று உதிரப்போக்கு விசாரிப்பு.