2001 பிளஸ் டூ அணியின் 25ஆம் ஆண்டுச் சந்திப்பு: வருகை, பங்களிப்பு, நினைவுகள் வேண்டி

அன்புத் தோழர்களுக்கும் தோழியருக்கும் வணக்கம்.

2001 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிப் பிரிந்த நாம், வரும் 2026 டிசம்பர் 26, சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு மயிலாடுதுறையில் நம் பள்ளியிலேயே கூடுகிறோம். அரையாண்டு விடுமுறை என்பதால் வகுப்பறைகளைத் திறந்துதரத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார்.

மூன்று பிரிவுகளிலும் சேர்ந்து 118 பேர் படித்தோம். அவர்களில் 74 பேரின் தொடர்பு கிடைத்திருக்கிறது. ஐவர் இன்று நம்மோடு இல்லை. மீதி 39 பேரில் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அவர்களுக்கு இச்செய்தியைச் சேர்ப்பித்துவிட்டு எங்களுக்கும் தெரிவியுங்கள். திருமணத்துக்குப் பின் ஊர் மாறிய தோழியர் பலரின் முகவரிதான் இன்னும் கிடைக்கவில்லை.

வருகிறீர்களா, உடன் எத்தனை பேர், அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை அக்டோபர் 10ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப் குழுவில் பதிவிடுங்கள். கிறிஸ்துமஸ் நாளில் சென்னை, கோவை, பெங்களூரு ஆகிய ஊர்களிலிருந்து ரயிலில் கிளம்புவோருக்கு 60 நாள் முன்பதிவு அக்டோபர் 26 காலை தொடங்கும். அன்றே எடுக்காவிட்டால் இடம் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வருவோர் விடுப்பு உறுதியாகாவிட்டாலும் உத்தேசமாகவாவது சொல்லுங்கள்.

பங்களிப்பு தலைக்கு 2,000 ரூபாய்; குடும்பத்தாருக்குத் தனியாக எதுவும் இல்லை. அறுபது பேர் தந்தால் 1,20,000 ரூபாய் சேரும். அதில் 160 பேருக்கு இலைச்சாப்பாடு 48,000, பதினோரு ஆசிரியர்களை வண்டி வைத்து அழைத்துவந்து பொன்னாடை போர்த்த 22,000, நினைவு மலர் அச்சிட 30,000 போக, மிஞ்சும் 20,000 மாணவியர் கழிவறையின் தண்ணீர்க் குழாய்களைச் சீரமைக்கப் போகும். கணக்கு எண் குழுவின் முகப்பில் இருக்கிறது. வரவுசெலவு முழுவதும் ஜனவரியில் அங்கேயே வெளியிடப்படும். இப்போது கையிருப்பு இல்லாதவர்கள் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் தந்தார், யார் தரவில்லை என்ற பட்டியல் எங்கும் வராது. பணத்தை எண்ணி ஒருவர்கூட வராமல் நின்றுவிடக் கூடாது என்பதே எங்கள் பெரும் கவலை.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பள்ளியின் பெருமையைப் பொதுவாக எழுதுவதைவிட நீங்கள் கண்ட ஒன்றை எழுதுங்கள். விலங்கியல் ஐயா வண்ணச் சாக்கட்டியால் தவளையின் இதயத்தைக் கரும்பலகை நிறைய வரைந்துவிட்டு, அழிக்க மனமின்றி அடுத்த பாடவேளை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு நின்ற காட்சி எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மீட்டர்கேஜ் ரயிலில் தினமும் வந்துபோனவர்களிடம் இதைவிட நிறைய இருக்கும். பழைய படங்களை ஆல்பத்திலிருந்து கழற்றி, ஃபிளாஷ் போடாமல் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்து, பின்புறம் பெயர்கள் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். மறைந்த ஐவரைப் பற்றி எழுத விரும்புவோர் முதலில் எழுதுங்கள். மலரின் முன்பக்கங்கள் அவர்களுக்கானவை. கடைசி நாள் நவம்பர் 15.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர், 2001 அணி
முன்னாள் மாணவர் சங்கம்