இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்: முதல் வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். உட்காருங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா? சரி.

என் பேர் கவிதா. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட். எம்.இ. இன்ஜினியரிங் டிசைன் முடிச்சிருக்கேன். இங்க வர்றதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில நாலு வருஷம் டிராயிங் செக் பண்ற வேலை. உங்களை மாதிரியே இந்தக் காலேஜுக்கு நானும் புதுசு. ஆனா இந்தப் பாடத்துக்குப் புதுசு இல்ல. அதனால எதை வேணும்னாலும் கேளுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க. தமிழ் மீடியத்துல படிச்சவங்க தமிழ்லயே கேக்கலாம், நானும் தமிழ்லயே விளக்குவேன். பரீட்சையில கேள்வி இங்கிலீஷ்லதான் வரும். அதனால அந்த வார்த்தைகளை மட்டும் தினமும் போர்டுல எழுதிப் போடுவேன், நோட்டுல எழுதிக்கணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சில பேர் "எங்களுக்கு எதுக்கு மேடம் இது"ன்னு நினைப்பீங்க. இப்பவே ஒண்ணு பாத்துடலாம். எல்லாரும் பேனாவை எடுங்க. டெஸ்க் மேல படுக்க வைங்க. நேரா மேல இருந்து பாருங்க, முழு நீளமும் தெரியும். இப்ப ஒரு முனையை மட்டும் தூக்குங்க. மேல இருந்தே பாருங்க, குட்டையாத் தெரியுதா? பேனா சுருங்கல, பார்வையில நீளம் மாறிடுச்சு. 80 மில்லிமீட்டர் கோடு, தரையோட 30 டிகிரி சாய்வு, செங்குத்துத் தளத்துக்கு இணையா இருக்குன்னு வைங்க. நேரா முன்னாடி இருந்து பாக்கற ஃபிரன்ட் வியூவுல 80-ம் 30 டிகிரியும் அப்படியே வரும். மேல இருந்து பாக்கற டாப் வியூவுல 80 வராது, சுமார் 69.3தான் வரும். ரெண்டுலயும் 80 போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போறதுதான் இந்தப் பேப்பர்ல நிறைய பேர் மார்க்கை விடுற இடம். கணக்கு தெரியாம இல்ல, பேனாவைத் தூக்கிப் பாக்காம விட்டதால. என் வகுப்புல வரையறதுக்கு முன்னாடி பேனாவைத் தூக்கிப் பாக்கணும், அது கட்டாயம்.

நாளைக்குக் கொண்டு வர வேண்டியது: போர்டுல மாட்டி நேர்கோடு போடற மினி டிராஃப்டர், காம்பஸ், செட் ஸ்கொயர், 2எச், எச், எச்பி பென்சில், நல்ல ரப்பர், டிராயிங் கிளிப் நாலு, ஷீட் ரெண்டு. 2எச் ரெண்டு வியூவையும் இணைக்கற புரொஜெக்‌ஷன் கோட்டுக்கு, எச் அவுட்லைனுக்கு, எச்பி எழுத்துக்கு. எல்லாத்தையும் எச்பியிலயே போட்டா டிராஃப்டர் நகரும்போது கரி தேஞ்சு ஷீட்டே சாம்பல் கலராகிடும். சீனியர் கிட்ட பழைய டிராஃப்டர் வாங்கறவங்க கிளாம்ப் ஸ்க்ரூவை இறுக்கிப் பாத்துட்டு வாங்குங்க. ஷீட்டுக்கு மேல ஒரு படுக்கைக்கோடு, கீழ ஒரு படுக்கைக்கோடு போட்டு, ரெண்டு ஓரத்துலயும் இடைவெளியை அளந்து பாருங்க. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் அந்த டிராஃப்டர் வேண்டாம். பணம் கொடுத்து வாங்க முடியாத சூழ்நிலைன்னா வகுப்பு முடிஞ்சதும் எங்கிட்ட தனியா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிக்கலாம். அதுக்குக் கூச்சப்பட வேண்டியதே இல்ல.

இப்ப என் வகுப்போட ஒழுங்கு. பெல் அடிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள டிராஃப்டர் போர்டுல மாட்டியிருக்கணும். அதுக்கப்புறம் வந்தா உள்ள வரலாம், ஆனா அட்டென்டன்ஸ் கிடையாது. 75 சதவீதத்துக்குக் கீழ போனா பரீட்சை எழுதறதுல சிக்கல் வரும், கடைசி வாரத்துல வந்து நின்னா என்னால எதுவும் பண்ண முடியாது. போன் பையிலயே இருக்கட்டும்.

அன்னன்னைக்கு ஷீட்டை அன்னன்னைக்கே கொடுத்துடணும். முடியலன்னா பாதியாவே கொடுங்க. பாதி ஷீட்டுக்கு மார்க் போடுவேன், அடுத்தவங்க ஷீட் மேல உங்க ஷீட்டை வெச்சு டிரேஸ் எடுத்ததுக்குப் பூஜ்யம்தான். அது தெரியாமப் போகாது. உண்மையா வரைஞ்ச வட்டத்துல நடுவுல காம்பஸ் குத்தின ஓட்டை இருக்கும். ரெண்டு வியூவுக்கும் நடுவுல மெல்லிசா 2எச் கோடு ஓடும். அழகா இருக்கட்டும்னு அந்தக் கோட்டை அழிச்சுடாதீங்க. நீங்க எப்படி யோசிச்சீங்கன்னு எனக்குச் சொல்றது அந்தக் கோடுதான். விடை தப்பா இருந்தாலும் எந்த இடத்துல தடுமாறினீங்கன்னு அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சு சொல்லித் தர முடியும்.

"ஒரு தடவையாவது பென்சில் பிடிச்சதே இல்ல மேடம், கை நடுங்குது"ன்னு யாராவது இருந்தா கவலைப்படாதீங்க. இதுக்கு ஓவியம் வரையத் தெரியணும்னு அவசியமே இல்ல. டிராஃப்டர் நேரா இருந்தா கோடும் நேரா வரும். புதன்கிழமை சாயங்காலம் 4 மணியிலிருந்து 5 வரைக்கும் டிராயிங் ஹால்லயே இருப்பேன். புரியாதவங்க அன்னைக்கு வாங்க. செமஸ்டர் முடியிற வாரத்துக்குன்னு சேத்து வெக்காதீங்க, ஏன்னா புள்ளி புரியாம கோடு வராது, கோடு புரியாம சாலிட்ஸ்ங்கிற கன உருவங்கள் வராது.

நாளைக்கு மூணாவது ஹவர், நேரா டிராயிங் ஹாலுக்கு வந்துடுங்க. இப்ப ரோல் நம்பர் 1-ல இருந்து ஒவ்வொருத்தரா எழுந்து பேர், ஊர், பன்னெண்டாவது எந்த மீடியம்னு சொல்லுங்க. நான் எழுதிக்கறேன். சொல்லுப்பா, நீ ஆரம்பி.