மருத்துவ விடுப்புக் கோரிக்கை: திங்களன்று அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாக

திருப்பூர்,
08.07.2026

பெறுநர்: தொழிற்சாலை மேலாளர்
நகல்: மனிதவள அலுவலர்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 14.07.2026 அன்று அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. 13.07.2026 திங்கள் முதல் 22.08.2026 சனி வரை 41 நாள்கள் மருத்துவ விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 24-ஆம் தேதி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவேன்.

திங்களன்று நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். பயத்தில் எழுதியது அது. ஸ்கேன் முடிவு, வீட்டு நிலைமை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதைக் கோப்பில் சேர்க்காமல் இந்தக் கடிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ விவரம் தேவைப்பட்டால் மனிதவள அலுவலரிடம் மட்டும் நேரில் காட்டுகிறேன். மற்றவர்கள் கேட்டால் "உடல்நிலை காரணமாக விடுப்பு" என்று சொன்னால் போதும் ஐயா.

சம்பளம் பற்றி: இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதனால் இந்த நாள்களுக்குக் கம்பெனியிடம் சம்பளம் கேட்கவில்லை. முதல் 2 நாள்களுக்கு அந்தத் தொகை வராது என்பதால், அவற்றை மட்டும் என் ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழ்களை அவ்வப்போது என் கணவர் கொண்டுவந்து கொடுப்பார். வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்றிதழோடுதான் திரும்புவேன்.

துணி ஸ்டோர் வேலை நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. ஸ்டோர் உதவியாளர் தம்பிக்கு இரண்டு நாளாக ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், நன்றாகப் பிடித்துக்கொண்டார். டையிங்குக்குப் போன துணியில் இன்னும் திரும்பாதது 3 டி.சி. அவற்றின் நகல்கள் என் மேஜையின் இரண்டாவது டிராயரில், நீல நிறக் கோப்பில் இருக்கின்றன. அதில் நேவி ப்ளூ லாட்டை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போன தடவை ரோலுக்கு ரோல் ஷேடு மாறி வந்தது. கட்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, ஒப்புதல் ஸ்வாட்சோடு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது சந்தேகம் வந்தால் 20-ஆம் தேதிக்கு மேல் மாலை 4 மணிக்குப் பிறகு போனில் கேட்கலாம். அதுவரை என்னால் பேச முடியாது.

இன்னொன்று. திரும்பி வந்த பிறகும் 4 வாரம் எடை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரிஜிஸ்டர், டி.சி., ஷேடு பார்ப்பது எல்லாம் வழக்கம்போல் செய்வேன். ரோல் இறக்கி அடுக்க மட்டும் ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் ஒப்புதல் கிடைத்தால், சனிக்கிழமை சாவிகளையும் ரிஜிஸ்டரையும் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துணி ஸ்டோர் பொறுப்பாளர்