சொந்தம் யார் தருவது? புலம்பெயர்ந்தோரின் அடையாளமும் எல்லை கடந்த வாழ்வும்

டொமினிக்கன் குடியரசு 1994இல் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. வெளிநாட்டுக்குப் போய் அங்கே குடியுரிமை வாங்கிய டொமினிக்கர்கள் பழைய குடியுரிமையை இழக்கத் தேவையில்லை என்றானது. 2004 அதிபர் தேர்தலில் அவர்கள் வாழும் நகரங்களிலிருந்தே வாக்களித்தார்கள். 2012இல் வெளிநாட்டு டொமினிக்கர்களுக்கென்று நாடாளுமன்றத்தில் தனி இடங்களும் வந்தன. அடுத்த ஆண்டு, 2013 செப்டம்பரில், அதே நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 1929 முதல் அந்த மண்ணில் பிறந்தவர்களில், முறையான வதிவிட உரிமை இல்லாத வெளிநாட்டவருக்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் ஆகமாட்டார்கள் என்றது அந்தத் தீர்ப்பு. அதில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர், கரும்புத் தோட்ட வேலைக்காக ஹெய்தியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களில் பலர் ஹெய்தியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2014இல் ஒரு சட்டம் வந்தது. அது சிலருக்கு வழி திறந்தது; எல்லோருக்கும் இல்லை.

நியூயார்க்கில் முப்பது வருடம் வாழ்ந்தவர் சொந்தம். தோட்டத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர் அந்நியர். புலம்பெயர் அடையாளத்தைப் பற்றிப் பேச இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால், மனிதர் தன்னை எங்கே சேர்ந்தவராக உணர்கிறார் என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டு நிலைகளையும் விளக்க முடியாது.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்று நமக்கு உதவும். ‘சொந்தக்காரர்’ என்றால் உறவினர் என்றும் பொருள், உடைமையாளர் என்றும் பொருள். கல்யாணத்துக்கு வந்தவரும் சொந்தக்காரர்தான், வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ளவரும் சொந்தக்காரர்தான். ஓர் இடத்துக்குச் சொந்தமாக இருப்பதிலும் இதே இரண்டு இழைகள் உண்டு. ஒன்று உறவு: நினைவு, மொழி, தொலைபேசி அழைப்பு, அனுப்பும் பணம், காக்கும் நட்பு. இன்னொன்று உரிமை: உள்ளே வர, தங்க, வேலை செய்ய, வெளியே போய்த் திரும்பி வர, வாக்களிக்க இருக்கும் அனுமதி. முதலாவதை மனிதர்கள் தாங்களே நெய்துகொள்கிறார்கள். இரண்டாவதை அரசுகள் தருகின்றன, மறுக்கின்றன, சில சமயம் தந்துவிட்டுப் பிடுங்குகின்றன. இரண்டாவது இழையின் நீளம்தான் முதலாவது எப்படி நெய்யப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

புலம்பெயர் சமூகம் என்ற கருத்துக்குச் சமூகவியலில் நீண்ட விவாதம் உண்டு. வில்லியம் சஃப்ரான் 1991இல் தந்த வரையறையின் நடுவில் தாயகம் இருந்தது: சிதறிப்போன மக்கள், தாயகத்தைப் பற்றிய கூட்டு நினைவு, திரும்பும் ஆசை. ஸ்டுவர்ட் ஹால் அதற்குச் சற்று முன்பே, அடையாளம் எங்கோ பத்திரமாக இருந்து மீட்டெடுக்கப்படும் பொருள் அல்ல, அது தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருப்பது என்று எழுதிவிட்டார். 2005இல் ரோஜர்ஸ் புரூபேக்கர் இன்னொரு எச்சரிக்கை செய்தார். புலம்பெயர் சமூகம் என்பதை எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கூட்டமாகக் கொள்ளாமல், சிலர் சில நேரங்களில் எடுக்கும் நிலைப்பாடாகவும் முன்வைக்கும் கோரிக்கையாகவும் பார்க்கச் சொன்னார். இது மிகவும் பயனுள்ள எச்சரிக்கை. ஒரு நாட்டிலிருந்து வந்த எல்லோரையும் ஒரே உணர்வு கொண்டவர்களாக எழுதிவிடும் சோம்பலிலிருந்து அது நம்மைக் காக்கிறது.

நாடு கடந்த வாழ்வு என்ற ஆய்வுப் பார்வை 1990களில் நீனா கிளிக் ஷில்லரும் அவருடைய சகாக்களும் வளர்த்தது. வந்தவர் மெல்ல மெல்லப் பழைய நாட்டை மறந்து புதிய நாட்டில் கரைந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பை அவர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த வாழ்வே புதிது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 1918 முதல் 1920 வரை தாமஸும் ஸ்னானியெட்ஸ்கியும் வெளியிட்ட போலந்து விவசாயிகளைப் பற்றிய ஆய்வு, கடல் கடந்து போய் வந்த கடிதங்களின் மேல்தான் நிற்கிறது. பணம் அனுப்புவது, அங்கிருந்தபடியே குடும்பத் தகராறைத் தீர்க்கப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. கடிதம் போய்ச் சேரும் காலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெகி லெவிட்டின் பங்களிப்பு எனக்கு நெருக்கமானது. டொமினிக்கன் குடியரசின் மிராஃபுளோரெஸ் கிராமத்தையும் பாஸ்டனின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியையும் ஒரே சமூகமாக வைத்துப் பார்த்தவர் அவர். எல்லை தாண்டிப் போவது பணம் மட்டுமல்ல, கருத்துகளும் பழக்கங்களும் அரசியல் எதிர்பார்ப்புகளும் சேர்ந்தே போகின்றன என்று காட்டினார். 2004இல் கிளிக் ஷில்லரோடு சேர்ந்து அவர் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தார். ஒருவர் எல்லை கடந்த உறவுகளில் அன்றாடம் ஈடுபடுவது வேறு, அந்த ஈடுபாட்டைத் தன் அடையாளமாக அறிவிப்பது வேறு. மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு, ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்று சொல்பவர் உண்டு. ஊரில் ஒருவரையும் தெரியாமல் கொடியைத் தோளில் போர்த்திக்கொள்பவரும் உண்டு. சரி, ஆனால் இந்தப் பிரிவினையின் இரண்டு பக்கமுமே மனிதரின் பக்கத்திலிருந்து பார்ப்பவை: அவர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார். அவரை என்ன செய்ய விடுகிறார்கள் என்ற கேள்வியை முன்னால் கொண்டுவர வேண்டும்.

அலெஹாந்திரோ போர்ட்டெஸும் சகாக்களும் அமெரிக்காவில் கொலம்பியா, டொமினிக்கன் குடியரசு, எல் சால்வடார் நாட்டவரிடம் ஆய்வு நடத்தினார்கள். தாயக அரசியலிலும் தொழிலிலும் தொடர்ந்து ஈடுபடுபவர்கள் சிறுபான்மையினரே என்று தெரிந்தது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. 2003இல் வெளியான கட்டுரையின்படி, தாயக அரசியலில் ஈடுபடுபவர்கள் வேரற்றுத் தவிப்பவர்கள் இல்லை. படிப்பும், அமெரிக்காவில் வாழ்ந்த வருடங்களும் கூடக் கூட அந்த ஈடுபாடும் கூடியது. நாள் ஆக ஆக மறப்பார்கள் என்ற பழைய கணிப்புக்கு இது நேர் எதிர். இதை நான் உரிமையின் வழியாகப் படிக்கிறேன். காலூன்ற இடம் கிடைத்தவரால்தான் இன்னொரு பக்கம் கை நீட்ட முடியும். ஆவணம் இல்லாதவர், விமான நிலையத்தைக் கண்டாலே அஞ்சுபவர், எவ்வளவு ஏங்கினாலும் போய்வர முடியாது. ஏக்கம் மிகுந்தவரே எல்லை கடந்த வாழ்வில் முன்னால் நிற்பார் என்று நினைத்தால் தவறிவிடுவோம்.

அப்தெல்மாலெக் சயாதை இந்த இடத்தில்தான் படிக்க வேண்டும். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் ஆய்வு செய்த அவர் 1998இல் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் பெயரே ‘இரட்டை இன்மை’ என்று பொருள்படும். குடியேறி வந்தவர் ஒவ்வொருவரும் வேறோர் இடத்திலிருந்து வெளியேறியவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வு என்பது அவருடைய அடிப்படை நிலை. தற்காலிகம்தான் என்ற பாவனையில் எல்லோரும் கூட்டாக நடிக்கிறார்கள். சேர்த்துக்கொண்ட நாடு, அனுப்பிய ஊர், போனவர், மூவருமே. அந்தத் தற்காலிகம் ஒரு வாழ்நாளாக நீள்கிறது. விடுமுறைக்கு ஊர் போகிறவர் வேலை பார்க்கும் நாட்டில் பட்ட கஷ்டத்தைச் சொல்ல மாட்டார். அதனால் அடுத்தவரும் கிளம்புகிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

லெவிட் காட்டுவது இரண்டு இடத்திலும் இருக்கும் மனிதரை. சயாத் காட்டுவது இரண்டு இடத்திலும் இல்லாமல் போன மனிதரை. இவற்றில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. எந்த நிலைமையில் எது நேர்கிறது என்று கேட்க வேண்டும்.

ஜப்பான் தந்த பாடம் இதற்குப் பொருத்தமானது. 1990இல் அமலுக்கு வந்த குடியேற்றச் சட்டத் திருத்தம், பிரேசிலுக்குப் போன ஜப்பானியரின் சந்ததியினர் மூன்றாம் தலைமுறை வரை ஜப்பானில் தங்கி வேலை செய்ய வழி செய்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. இரத்த உறவு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பிரேசிலில் ‘ஜப்பானியர்’ என்று அழைக்கப்பட்டவர்கள், முன்னோரின் நாட்டில் வந்து இறங்கியதும் ‘பிரேசில்காரர்’ ஆனார்கள். அவர்களில் பலர் பிரேசிலிய இசையையும் கொண்டாட்டத்தையும் பற்றிக்கொண்டது பிரேசிலில் அல்ல, ஜப்பானில். அடையாளம் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லப்படுவதில்லை என்று ஹால் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அப்புறம் பொருளாதார நெருக்கடி வந்தது. 2009இல், வேலை இழந்து ஊர் திரும்புபவருக்கு அரசு ஆளுக்கு 3,00,000 யென் கொடுத்தது. அதே விசாவில் மீண்டும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. உறவைச் சொல்லித் திறந்த கதவு உரிமையின் பக்கம் மூடிக்கொண்டது.

பிரிட்டனின் விண்ட்ரஷ் விவகாரம் இதைவிடக் கொடுமை. கரீபியன் தீவுகளிலிருந்து சிறு பிள்ளைகளாக வந்து, 1973க்கு முன்பே சட்டப்படி தங்கும் உரிமை பெற்றிருந்தவர்கள், அதை நிரூபிக்கக் காகிதம் இல்லாததால் வேலையும் சிகிச்சையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல்தான் அது பெரிதாக வெளியே வந்தது. இவர்களிடம் போய் உங்கள் அடையாளம் என்ன என்று கேட்டிருந்தால், பலர் தயங்காமல் பிரிட்டிஷ் என்று சொல்லியிருப்பார்கள். உறவு முழுதாக இருந்தது, உரிமையும் இருந்தது, சான்று மட்டும் இல்லை. அந்த ஒரு குறை ஐம்பது வருட உறவைப் பொய்யாக்கிவிட்டது.

ஐ.நா. மதிப்பீட்டின்படி 2024இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 30.4 கோடி. இத்தனை பேருடைய எல்லை கடந்த உறவும் யாரோ ஒருவருடைய உழைப்பால் நிற்கிறது. நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு அழைப்பது, மருந்துக்குப் பணம் அனுப்புவது, பிறந்தநாளை மறக்காமல் இருப்பது. பல குடும்பங்களில் இந்த உழைப்பு பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆண்கள் ஊர்ச் சங்கத்தின் மேடையில் தெரிகிறார்கள். மேடையை மட்டும் ஆராய்ந்துவிட்டு எழுதினால் பாதி வாழ்வு நம் கண்ணில் படாது.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் பதினோரு வருடமாக வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா இறந்தபோது விசா புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது. வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இறுதிச் சடங்கை மருத்துவமனை ஓய்வறையில் உட்கார்ந்து போனில் பார்த்தார். அப்போதெல்லாம் அவர் அறையில் ஒரு மடக்குக் கட்டிலும் இரண்டு பெட்டிகளும்தான் இருந்தன. ஒரு வருடம் கழித்து நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அதே வாரத்தில் அவர் இரண்டு காரியம் செய்தார். மரத்தில் ஒரு பெரிய அலமாரி வாங்கினார். அம்மாவைப் பார்க்க விமான டிக்கெட் எடுத்தார்.