நூலக எண்ணிமமாக்கல் கருத்திட்டம்: ஆரம்பக் கூட்ட அறிக்கை

வெள்ளவத்தையிலுள்ள எமது நூலக வாசிப்பு மண்டபத்தில் 2025 செப்டெம்பர் 6, சனிக்கிழமை, மு.ப. 10.00 மணிக்குக் கூட்டம் ஆரம்பமானது. நூலகக் குழுவின் தலைவர், பொருளாளர், நூலகர், எண்ணிமமாக்கலைப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் முகாமையாளர், அவர்களுடைய கணினிப் பொறியியலாளர் ஆகியோர் சமுகமளித்தனர். அறிக்கையைச் செயலாளராகிய நான் எழுதினேன்.

வேலையின் எல்லை

420 நூல்களும் 38 பத்திரிகைக் கட்டுகளும், ஏறத்தாழ 90,000 பக்கங்கள், படமாக்கப்படும். பழைய நூற்பட்டியல் யுனிகோடுக்கு மாற்றப்படும். படங்களிலுள்ள எழுத்தைத் தட்டச்சுப் பாடமாக மாற்றுவது இவ்வொப்பந்தத்தில் அடங்காது.

கட்டுகளைப் பிரிப்பதா என்பதிலேயே அதிக நேரம் சென்றது. நூலகர் ஒரு கட்டை மேசையில் விரித்துக் காட்டியபோது, உட்பத்தியின் கடைசி எழுத்துகள் தையல் மடிப்புக்குள் மறைந்திருந்தன. தையலை வெட்டினால் வேலை விரைவாகும் என முகாமையாளர் கூறினார். வெட்டிய தாள் மீண்டும் கட்டாகாது என நூலகர் மறுத்தார். இறுதியில், கட்டுகள் V வடிவத் தாங்கியில் வைத்தே படமாக்கப்படும் என்றும், எழுத்து அப்போதும் தெரியாத கட்டை மட்டும் நூலகரின் எழுத்துமூல அனுமதியுடன் பிரிக்கலாம் என்றும் இரு தரப்பும் உடன்பட்டன.

பொறுப்புகள்

கட்டுகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப எண்ணி வாங்குவதும் நூலகரின் பொறுப்பு. படத்தின் தெளிவுக்கு, அதாவது நூல்களுக்கு 300, பத்திரிகைகளுக்கு 400 டிபிஐ என்ற அளவுக்கு, நிறுவனமே பொறுப்பு; தவறிய பக்கத்தை அது கட்டணமின்றி மீண்டும் படமாக்கும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலத்துடன் அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிப்பதால், எந்த நூலை இணையத்தில் இடலாம் என்பதைக் குழுவே தீர்மானிக்கும்; நிறுவனம் எதையும் தானாக வெளியிடாது.

நூற்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருப்பதைப் பொறியியலாளர் திரையில் காட்டினார். ‘இலங்கை’ எனத் தொடங்கும் பதிவுகள் யுனிகோடுப் பெட்டியில் `,yq;if` என்றே தோன்றின. மாற்றியின் வேலையை நம்பி விடாமல், நூலகர் ஒவ்வொரு நூறு பதிவிலும் பத்தைச் சரிபார்ப்பார்.

காலக்கெடு

மாதிரியாக 2,000 பக்கங்கள் செப்டெம்பர் 26 இலும், முதல் 25,000 பக்கங்கள் ஒக்டோபர் 31 இலும், நூற்பட்டியல் நவம்பர் 28 இலும், படமாக்கல் முழுவதும் 2026 ஜனவரி 23 இலும் முடிய வேண்டும். இறுதி ஒப்படைப்பு பெப்ரவரி 14. மாதிரியைக் குழு ஏற்கும்வரை முதல் தவணைப் பணம் விடுவிக்கப்படாது என்ற பொருளாளரின் நிபந்தனையை முகாமையாளர் ஏற்றார்.

எடுகோள்கள்

நாளொன்றுக்கு 1,200 பக்கங்கள் என்ற கணக்கில், வாரத்தில் ஐந்து நாள், போயா, தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் விடுமுறைகளை நீக்கியே மேற்படி திகதிகள் குறிக்கப்பட்டன. மிச்சமாக இருப்பது ஓரிரு நாட்களே என்பதால், பிந்தினால் சனிக்கிழமைகளிலும் மண்டபம் திறக்கப்படும். மின்தடையால் இழக்கும் நாளுக்கு ஈடாக ஒரு நாள் கூட்டப்படும். பக்க எண்ணிக்கை பத்து வீதத்துக்கு மேல் கூடினால் கட்டணம் மீண்டும் பேசப்படும்.

அறிக்கை வாசிக்கப்பட்டு, ‘பிரிக்கலாம்’ என்ற இடத்தில் ‘எழுத்துமூல’ என்ற சொல் நூலகரின் கோரிக்கையால் சேர்க்கப்பட்டபின், அனைவரும் ஒப்பமிட்டனர். கூட்டம் பி.ப. 12.40 மணிக்கு நிறைவுற்றது. அடுத்த கூட்டம் மாதிரிப் பக்கங்களுடன் செப்டெம்பர் 27 இல் நடைபெறும்.