‘வெள்ளைப் பாத்தி’ குறும்படம்: இறுதிப் பெயர்ப் பட்டியல்

இளங்கோ அண்ணே,

பெயர்ப் பட்டியலின் கடைசி வடிவம் கீழே இருக்கிறது. இதற்கு முன்னால் வாட்ஸாப்பில் அனுப்பிய மூன்றையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு பெயரையும் அவரவரிடமே கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதியிருக்கிறேன். இனிஷியலை மாற்ற வேண்டாம். செல்லத்தாய் அக்காவுக்கு அம்மா பெயரின் எழுத்துதான் வேண்டுமாம். அம்மா பேச்சியம்மாள், அதனால் ‘பே. செல்லத்தாய்’.

நீங்கள் அனுப்பிய ரோல் ஃபிரேமுக்கு 4 பிக்சல் ஓடுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேமில் ஒரு வரி கீழிருந்து மேலே போய் மறைய 11 விநாடிச் சொச்சம். நமக்கு அது தாராளம். போன ஞாயிறு லேப்டாப்பை முள்ளக்காட்டுக்கு எடுத்துப் போய் செல்லத்தாய் அக்கா வீட்டில் ஓட விட்டேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். “ந, டி, த்” என்று தலைப்பை விரல் வைத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவர் பெயர் மேலே போய்விட்டது. “என் பேரு எங்க போச்சு?” என்று கேட்டார். 3 பிக்சலில் ஒன்று எடுத்து வைத்திருந்தேன், அதைப் போட்டேன். அதில் ஒரு வரி 15 விநாடி நிற்கும். தன் பெயரை இரண்டு தடவை படித்தார், அப்புறம் மாரிமுத்து பெயரையும் படித்துவிட்டார். ஆகவே 3 பிக்சல்தான். 3.5 என்று நடுவில் வைக்காதீர்கள், பின்னத்தில் ஓடினால் எழுத்து நடுங்கும்.

எழுத்துரு Noto Sans Tamil, மீடியம், 40 பிக்சல். வரிக்கு வரி 64 பிக்சல் வேண்டும். ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளியை விட்டால் ‘கூ’வின் வாலும் அடுத்த வரி ‘கி’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். பழைய ரோலில் ‘கோ. பால்துரை’யின் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறது. டெக்ஸ்ட் என்ஜினை இந்திய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகிவிடும், அவர் பெயர் அப்படி உடைந்து வெளியே போகக் கூடாது. கறுப்புப் பின்னணியில் சுத்த வெள்ளை கண்ணைக் கூசும், கொஞ்சம் சாம்பல் கலந்து வையுங்கள்.

மடங்கும் வரி, வெற்று வரி எல்லாம் சேர்த்து 80 வரி என்று கணக்கு வைத்தால் ரோல் 1 நிமிடம் 26 விநாடி. கதை 12 நிமிடம் 40 விநாடி. அட்டைகளையும் சேர்த்தால் 14 நிமிடம் 40 விநாடிக்குப் பக்கத்தில் வரும். விழாக்காரர்கள் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துத்தான் நீளம் பார்ப்பார்கள். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கும் அப்படித்தான், 15 நிமிடம்தான் எல்லை. நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கதையில் வெட்டுவோம், இதில் வேண்டாம்.

கயல்விழி

தனி அட்டைகள் (ஒவ்வொன்றும் 4 விநாடி. இசை கிடையாது, பலகை உப்பை இழுக்கும் சத்தம் மட்டும்)

எழுத்து, இயக்கம்
மு. கயல்விழி

நடிப்பு
பே. செல்லத்தாய்
ச. மாரிமுத்து

ஒளிப்பதிவு
ஜெ. அந்தோணி ராஜ்

படத்தொகுப்பு
வே. இளங்கோ

இசை, ஒலி வடிவமைப்பு
மு. ஃபாத்திமா

தயாரிப்பு
ம. ரஞ்சித்
மு. கயல்விழி

ரோல் (தாலாட்டு இங்கே தொடங்குகிறது)

நடித்தவர்கள்
(திரையில் தோன்றும் வரிசையில்)

வள்ளி: பே. செல்லத்தாய்
வள்ளியின் மகன்: ச. மாரிமுத்து
டீக்கடைக்காரர்: அ. சுடலையாண்டி
கங்காணி: கோ. பால்துரை
லாரி ஓட்டுநர்: தே. வின்சென்ட்
கண் மருத்துவர்: நி. ஷர்மிளா

உப்பளத்தில் தாங்களாகவே தோன்றியவர்கள்

லூ. அந்தோணியம்மாள்
க. இசக்கியம்மாள்
ச. சண்முகக்கனி
ப. பொன்னுத்தாய்
மு. முத்துலட்சுமி
வே. ராமலட்சுமி

உதவி இயக்கம்: ச. தீபன், லி. ஜெனிஃபர்
வட்டார வழக்கு, வசன உதவி: பே. செல்லத்தாய்
தயாரிப்பு நிர்வாகம்: கா. சரவணன்

ஒளிப்பதிவு உதவி: பி. நவீன்
ஃபோகஸ்: ர. விக்னேஷ்
ரிஃப்ளெக்டர் பிடித்தவர்கள்: மாரிமுத்துவின் வகுப்புத் தோழர்கள் அஜய், செல்வம், சூசை

படப்பிடிப்பில் ஒலிப்பதிவு: த. கௌதம்
பூம்: லி. ஜெனிஃபர்

கலை: பா. மதன்
உடை: மு. முத்துலட்சுமி (அவர் வீட்டிலிருந்தே)
சாப்பாடு: ப. பொன்னுத்தாய், அவர் மகள் பிரியா
வண்டி: தே. வின்சென்ட்

வண்ணச் சீரமைப்பு: சு. ஹரி
ஒலிக்கலவை: மு. ஃபாத்திமா
ஆங்கில சப்டைட்டில்: நி. ஷர்மிளா
போஸ்டர்: பா. மதன்

தாலாட்டு
பாடியவர்: பே. செல்லத்தாய்
தன் அம்மா பேச்சியம்மாளிடம் கேட்டுப் பழகியது
புல்லாங்குழல்: எ. ஜோசப்

படம்பிடித்த இடங்கள்
முள்ளக்காடு, முத்தையாபுரம்
தூத்துக்குடி மாவட்டம்

பணம் தந்து உதவியவர்கள்
(அகர வரிசையில்)

அமுதா, ஆல்பர்ட்
இசக்கிமுத்து, கலைச்செல்வி
சுடலைமணி, தமிழ்ச்செல்வி
பிரின்ஸ், முருகேஸ்வரி
ரெஜினா, ஹமீது

நன்றி

விடிவதற்கு முன்னால் தொடங்குகிற வேலைக்கு நடுவே
எங்கள் கேமராவுக்கும் இடம் விட்ட
முள்ளக்காட்டு உப்பளத் தொழிலாளர்களுக்கு

இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து
நடித்துக் கொடுத்த ஆறு பேருக்கும்,
அவர்கள் வேலையைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கும்

நான்கு பாத்திகளை ஆறு நாள்
எங்களுக்காக வாராமல் விட்டுவைத்த
உப்பள உரிமையாளருக்கு

அதிகாலை 3 மணிக்குக் கடையைத் திறந்து
டீ போட்டுக் கொடுத்த சுடலையாண்டி அண்ணாச்சிக்கு

வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போவதை
பொறுமையாக விளக்கிச் சொன்ன கண் மருத்துவருக்கு

உப்புக்காற்றில் நின்றுபோன மானிட்டரை
இரவோடு இரவாகச் சரிசெய்து தந்த
முத்தையாபுரம் டிவி மெக்கானிக்குக்கு

“எங்க கால மட்டும் எடுக்காதீங்க, முகத்தையும் எடுங்க”
என்று முதல் நாளே சொன்ன சண்முகக்கனி அக்காவுக்கு

வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்துவிட்டு
நான்கு இரவும் திண்ணையில் படுத்த
செல்லத்தாய் அக்கா குடும்பத்துக்கு

நினைவு அட்டை (தாலாட்டு முடிந்த பிறகு, 5 விநாடி. ஓடாது, அப்படியே நிற்கும்)

சு. பெருமாள் தாத்தா நினைவாக
பலகையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று
எங்களுக்குக் காட்டித் தந்தவர்
படம் முடியும் முன் போய்விட்டார்

கடைசி அட்டை (5 விநாடி. பலகைச் சத்தம் மெல்ல அடங்குகிறது)

இந்தக் கதையும் வள்ளி என்ற பாத்திரமும் கற்பனை
உப்பளமும் அங்கே நடக்கும் வேலையும் உண்மை

© 2025 மு. கயல்விழி, ம. ரஞ்சித்