ஜூலை 6 முதல் புதிய வாரத் திட்டம்: எது மாறுகிறது, யார் என்ன செய்ய வேண்டும்

பெறுநர்: மெர்ச்சண்டைசிங், ஃபேப்ரிக், கட்டிங், தையல் லைன் சூப்பர்வைசர்கள், க்யூசி, பேக்கிங், ஆக்சசரீஸ் ஸ்டோர்
அனுப்புநர்: ப்ளானிங் பிரிவு
தேதி: 27 ஜூன் 2026, சனி

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை காலை ப்ளானிங் மீட்டிங் ஜூன் 29-உடன் நிற்கிறது. வரும் வாரத்தின் திட்டம் இனி அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே முடிவாகும். சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு லைன் போர்டில் ஒட்டப்படும். புதிய முறையில் ஓடும் முதல் வாரம் ஜூலை 6 திங்கள் தொடங்குவது. அதற்கான வேலை ஜூலை 2 வியாழனே ஆரம்பிக்கிறது.

திங்கள் மீட்டிங்கில் என்ன கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும். லைன் எட்டரைக்கே ஓட ஆரம்பித்துவிடுகிறது. மீட்டிங் முடிய 11 மணி ஆகிறது. இடையில் கையில் கிடைத்த கட் பண்டிலை ஏற்றிவிட்டு, மதியம் அதை இறக்கிவிட்டு வேறு ஸ்டைல் ஏற்றுகிறோம். ஒரு லைனில் ஸ்டைல் மாற்றினால் நூல் மாற்றுவது, ஃபோல்டர் மாற்றுவது, டென்ஷன் சரிபார்ப்பது, முதல் பீஸை க்யூசி பாஸ் செய்வது என்று இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். இதைவிடப் பெரிய நஷ்டம் வெளிவேலையில். பிரிண்டிங்குக்கும் எம்ப்ராய்டரிக்கும் திங்கள் மதியம் போன் செய்தால், அங்கே அந்த வாரத்துக்கான மெஷின் ஏற்கெனவே வேறு கம்பெனிக்குப் போயிருக்கும்.

வாரம் எப்படி ஓடும்

வியாழன் மாலை 4 மணிக்குள் ஒவ்வொரு பிரிவும் ஷீட்டில் தன் பகுதியை நிரப்பிவிட வேண்டும். முதல் ஷீட்டின் பெயர் WK28_PLAN. 4 மணிக்குப் பூட்டிவிடுவோம். அதற்குப் பின் வரும் தகவல் அதற்கும் அடுத்த வாரத் திட்டத்துக்குத்தான்.

வெள்ளி காலை 10:30 முதல் 11:15 வரை மீட்டிங். பிரிவுக்கு ஒருவர் வந்தால் போதும், ஆனால் அவர் முடிவு சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். "கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதில் வரும் ஸ்டைல் அந்த வாரத் திட்டத்தில் சேராது. பேச்சு ஸ்டைல் வாரியாகப் போகாது, லைன் வாரியாகப் போகும். லைன் 1-ல் திங்கள் என்ன, அது எப்போது முடியும், அடுத்து என்ன என்று ஆரம்பித்து லைன் 6 வரை.

வெள்ளி மதியமே வெளிவேலை யூனிட்டுகளுக்குத் தேதியும் எண்ணிக்கையும் போய்விடும். சனி காலை ஸ்டோர், திங்கள் ஏறும் ஸ்டைல்களின் நூல், லேபிள், எலாஸ்டிக் எல்லாவற்றையும் எண்ணி லைன் வாரியாகப் பெட்டி கட்டி வைக்கும். 12 மணிக்குத் திட்டம் ஒட்டப்படும். மாலையில் சம்பளம் வாங்கும் அவசரத்தில் யாரும் எதையும் காதில் வாங்குவதில்லை என்பதால்தான் மதியம்.

திங்கள் முதல் சனி வரை தினமும் காலை 9:15-க்கு போர்டு முன்னால் பத்து நிமிடம், நின்றுகொண்டே. நேற்று திட்டம் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு, இன்று எது தடுக்கிறது. தீர்வு அங்கே பேச வேண்டாம். யார் பார்த்துக்கொள்வார், எத்தனை மணிக்குள் என்று மட்டும் போர்டில் எழுதினால் போதும்.

கையில் இல்லாத துணி திட்டத்தில் இல்லை

இந்த மாற்றத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்டைல் வாரத் திட்டத்தில் ஏற வேண்டுமானால் வியாழன் 4 மணிக்கு ஐந்து விஷயம் கையில் இருக்க வேண்டும்: மொத்தத் துணி (பாடி, ரிப் இரண்டும்), அதன் ஜிஎஸ்எம், ஷ்ரிங்கேஜ், ஷேடு மூன்றும் பாஸ் ஆன ரிப்போர்ட், பிபி சாம்பிள் அப்ரூவல் மெயில், முழு ஆக்சசரீஸ், சைஸ் வாரியான பேட்டர்ன். ஐந்தும் இருந்தால் பச்சை. ஒன்று குறைந்தாலும் சிவப்பு. நடுவில் மஞ்சள் வைக்கவில்லை, வேண்டுமென்றே வைக்கவில்லை. மஞ்சள் இருந்தால் எல்லாமே மஞ்சளாகிவிடும்.

"பையர் ஓகே சொல்லிட்டாங்க, மெயில் வந்துரும்" என்பது அப்ரூவல் ஆகாது. "சாயப்பட்டறையில் லாட் எடுத்துட்டாங்க, ராத்திரி வண்டி வந்துரும்" என்பது துணி ஆகாது.

வியாழன் என்று வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காம்பாக்டிங் முடிந்து ரோலாக வரும் துணி இழுபட்ட நிலையில் இருக்கும். அதை அப்படியே லே போட்டு வெட்டினால், வெட்டிய பின் சுருங்கி, அளவில் நீளம் குறைந்து நிற்கும். ரோலைப் பிரித்துத் தளர்வாக அடுக்கி, சிங்கிள் ஜெர்சிக்கு 24 மணி நேரம், லைக்ரா கலந்ததற்கு 48 மணி நேரம் விட வேண்டும். வியாழன் வந்து சேர்ந்த துணியை வெள்ளியோ சனியோ பிரித்துப் போட்டால், ஞாயிறு லீவு அதற்கும் சேர்த்துத்தான். திங்கள் காலை நிம்மதியாக வெட்டலாம். லைக்ரா ரோலை மட்டும் சனி காலை எட்டரைக்குள் பிரித்துவிட வேண்டும்.

மெர்ச்சண்டைசர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. 3,000 பீஸ், பீஸுக்கு 190 கிராம் என்றால் 570 கிலோ. கட்டிங் எக்ஸ்ட்ரா 3 சதவீதம் சேர்த்தால் 587 கிலோ பாஸ் ஆன துணி தேவை. டையிங் ப்ராசஸ் லாஸ் 8 சதவீதம் என்று வைத்தால் கிரே துணி 587-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 638 கிலோ. 600 கிலோ கொடுத்தால் திரும்பி வருவது 552. குறையும் 35 கிலோவுக்குத் தனியாக ஒரு சின்ன லாட் சாயம் போட்டால், ஷேடு முதல் லாட்டோடு ஒத்துப்போகாது. பாடி ஒரு நீலம், கை ஒரு நீலம். ரிப்பையும் தனி லாட்டில் போட்டால் இதே கதைதான், கழுத்து மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அதனால் ஷீட்டில் 'ரிப் லாட் எண்' என்று தனிப் பத்தி சேர்த்திருக்கிறோம். அது காலியாக இருந்தால் ஸ்டைல் சிவப்பு.

லைன் கொள்ளளவு

இதுவரை 'ஒரு நாளைக்கு ஆயிரம் வரும்' என்ற பேச்சில்தான் ஓடியது. இனி டெய்லர் எண்ணிக்கை, நிமிடம், எஃபிஷியன்சி, சாம் வைத்து ஷீட்டே சொல்லும்:

```
=ROUND(B2*480*C2/D2,0)
```

B2 டெய்லர் எண்ணிக்கை, C2 எஃபிஷியன்சி, D2 சாம், அதாவது ஒரு பீஸ் தைக்க ஆகும் நிலையான நிமிடம். 24 டெய்லர், 50 சதவீதம், சாம் 8 என்றால் நாளைக்கு 720 பீஸ். ஆறு நாளுக்கு 4,320 என்று பெருக்கிவிடாதீர்கள். புது ஸ்டைல் ஏறும் முதல் நாள் 40 சதவீதம் (288), இரண்டாம் நாள் 70 சதவீதம் (504), மூன்றாம் நாளில் இருந்து முழுசாக 720. வாரத்துக்கு 3,672தான். இந்த 648 பீஸ் வித்தியாசத்தை முன்னாடியே ஒத்துக்கொள்ளாமல்தான் சனிக்கிழமை ராத்திரி வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு பேக் பண்ணுகிறோம்.

கணக்கு 8 மணி நேரத்துக்கு மட்டும். ஒன்றரை ஷிஃப்ட் திட்டத்தில் சேராது. அது வழுக்கியதைப் பிடிக்க வைத்திருக்கும் கையிருப்பு, அதற்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். முதலிலேயே அதையும் திட்டத்தில் போட்டுவிட்டால், ஒரு மெஷின் நின்றாலும் மீள வழி இருக்காது.

சம்பளத்துக்கு அடுத்த திங்களில் வருகை மெலியும். அன்றைக்கு 24 டெய்லர் லைனை 20 என்றே சூப்பர்வைசர் போடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டோம். ஆடிப் பதினெட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், சத் பூஜைக்கு ரயில் ஏறும் வடமாநிலத் தொழிலாளர்கள் பட்டியலை நான்கு வாரம் முன்னதாகவே தர வேண்டும். ஷீட்டில் நான்கு வாரம் தெரியும்: முதல் வாரம் உறுதி, இரண்டாவது ஏறக்குறைய உறுதி, மூன்றும் நான்கும் பென்சிலில் எழுதியது மாதிரி.

நடுவில் மாற்ற வேண்டி வந்தால்

ஒட்டிய திட்டத்தை மூன்று காரணத்துக்கு மட்டும் மாற்றலாம். பையர் எழுத்து மூலம் ஷிப்மெண்ட் தேதியை மாற்றினால்; கட்டிங்கிலோ லைனிலோ துணிக் குறை தெரிந்தால்; ஒரு லைனில் 15 சதவீதத்துக்கு மேல் ஆள் வராமல் போனாலோ மெஷின் அரை நாளுக்கு மேல் நின்றாலோ. அனுமதி தருபவர் ஃபேக்டரி மேனேஜர் ஒருவர் மட்டும். ஒரு ஸ்டைல் உள்ளே வந்தால் அதே நிமிட அளவுக்கு இன்னொன்று வெளியே போக வேண்டும், எது போகிறது என்பதைக் கேட்பவரே சொல்ல வேண்டும்.

மெர்ச்சண்டைசர் நேராக லைனுக்குப் போய், "அண்ணா, இதை மட்டும் முன்னாடி ஓட்டிக் கொடுங்க" என்று கேட்பது நிற்க வேண்டும். சூப்பர்வைசர்கள் மறுக்கலாம். மறுத்ததற்காக யாரும் அவர்களைக் கேட்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் திட்டப் படங்களுக்கும் இனி மதிப்பில்லை. போர்டில் இருப்பதே திட்டம்.

மாறாதவை: ஷிஃப்ட் நேரம், சனிக்கிழமைச் சம்பளம், மணிக்கணக்குப் ப்ரொடக்ஷன் போர்டு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட எக்ஸ்-ஃபேக்டரி தேதிகள், ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முறை.

ஒரே ஒரு எண்ணை வாரா வாரம் பார்ப்போம்: திட்டத்தில் இருந்த ஸ்டைல்களில் எத்தனை, சொன்ன நாளில் ஏறி, சொன்ன எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்குள் முடிந்தன. மொத்த பீஸ் எண்ணிக்கையை இதற்கு எடுக்க மாட்டோம். சுலபமான ஸ்டைலை ஓட்டி மொத்தத்தைக் காட்டிவிடலாம், கஷ்டமான ஆர்டர் மூலையில் கிடக்கும். முதல் நான்கு வாரம் இந்த எண் மோசமாகத்தான் வரும். அதை வைத்து யாருடைய சம்பளத்திலும் கை வைக்கப்படாது. சொன்னபடி முடியாத ஒவ்வொரு ஸ்டைலுக்கும் காரணத்தை ஒரே வார்த்தையில் எழுத வேண்டும்: துணி, அப்ரூவல், ஆக்சசரீஸ், ஆள், மெஷின், வெளிவேலை. எந்த வார்த்தை அதிகம் வருகிறதோ, ஆகஸ்ட் முதல் வாரம் அதைத்தான் கையில் எடுப்போம்.

இனி செய்ய வேண்டியவை. ஜூன் 29 திங்கள் வழக்கமான மீட்டிங் கடைசியாக ஒருமுறை நடக்கும். ஜூன் 30 செவ்வாய் மாலை 5 மணிக்கு, ஷீட் நிரப்புவதை கட்டிங் ஆபீஸில் அரை மணி நேரம் செய்து காட்டுகிறோம். சூப்பர்வைசர்கள் ஆறு பேரும் கட்டாயம் வர வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள் தாளில் எழுதிக் கொடுக்கலாம், ஏற்றுவது எங்கள் வேலை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைல்களில் வெட்டியது, தைத்தது, செக்கிங்கில் நிற்பது எவ்வளவு என்ற எண்ணிக்கை புதன் மாலைக்குள் வேண்டும். ரெஜிஸ்டரைப் பார்த்து எழுத வேண்டாம், பண்டிலை எண்ணி எழுதுங்கள்.